மல்டிப்ளை, ஸ்கிரீன், ஓவர்லே: நிழலுக்கு எது, ஒளிக்கு எது, டெக்ஸ்ச்சருக்கு எது?

கேள்வி: பித்தளை விளக்குக் கடை ஒன்றுக்கு ஃபோட்டோஷாப்பில் கார்த்திகை தீபப் போஸ்டர் செய்கிறேன். சந்தன நிறப் பேக்கிரவுண்ட், கீழே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை, நடுவில் குத்துவிளக்கு. நிழலுக்கு மல்டிப்ளை, ஒளிக்கு ஸ்கிரீன், டெக்ஸ்ச்சருக்கு ஓவர்லே என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அப்படியே செய்தேன். விளக்கின் நிழலைச் சுற்றி மங்கலாக ஒரு கட்டம் தெரிகிறது, நிழலும் உயிரில்லாமல் சாம்பலாக இருக்கிறது. சுடரைச் சுற்றிப் போட்ட ஒளி தெரியவே இல்லை. பேப்பர் டெக்ஸ்ச்சர் பட்டையில் மட்டும் வருகிறது, மற்ற இடத்தில் இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்:

அந்த மூன்று விதிகளும் சரியானவைதான். ஆனால் வீடியோவில் காட்டுபவர்கள் பெரும்பாலும் நடுத்தர இருட்டான ஒரு படத்தை அடியில் வைத்துக்கொண்டுதான் காட்டுவார்கள். அங்கே மூன்றும் அழகாக வேலை செய்யும். உங்களுடைய பேக்கிரவுண்ட் கிட்டத்தட்ட வெள்ளை. நீங்கள் சொன்ன சிக்கல்களில் ஒளியும் டெக்ஸ்ச்சரும் நேராக அதனால் வருபவை, நிழலின் சாம்பல் நிறத்திலும் அதற்குப் பாதிப் பங்கு உண்டு. கட்டம் மட்டும் வேறு காரணம். உங்கள் ஃபைலை நான் பார்க்கவில்லை, அதனால் சந்தன நிறத்தை (250, 240, 225) என்றும் செங்கல் நிறத்தை (200, 120, 80) என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் எண்கள் கொஞ்சம் வேறாக இருந்தாலும் கதை மாறாது.

ப்ளெண்ட் மோட் என்பது கீழ் லேயரின் ஒரு பிக்சலையும் அதற்கு நேர் மேலே இருக்கும் பிக்சலையும் எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு சேனலிலும் தனித்தனியாகச் செய்யும் கணக்கு. அவ்வளவுதான். பக்கத்துப் பிக்சலில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. விளக்கு எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதெல்லாம் சுத்தமாகத் தெரியாது. கணக்கின் வசதிக்காக 0 முதல் 255 வரை உள்ள மதிப்பை 255ஆல் வகுத்து, கறுப்பை 0 என்றும் வெள்ளையை 1 என்றும் வைத்துக்கொள்வார்கள். A கீழே இருப்பது, B மேலே இருப்பது என்றால் மூன்றும் இப்படித்தான்:

```
Multiply : A × B
Screen   : 1 − (1 − A) × (1 − B)
Overlay  : A < 0.5 என்றால்  2 × A × B
           இல்லையென்றால்    1 − 2 × (1 − A) × (1 − B)
```

மல்டிப்ளை வெறும் பெருக்கல். 1-க்கு மேற்படாத இரண்டு எண்களைப் பெருக்கினால் விடை இரண்டில் எதையும் விடப் பெரியதாக இருக்காது. ஆகவே மல்டிப்ளை இருட்டாக்கும், அல்லது அப்படியே விடும்; ஒருபோதும் வெளிச்சமாக்காது. மேலே வெள்ளை இருந்தால் ஒன்றும் நடக்காது. ஒரு கலர் கண்ணாடித்தாளின் மேல் இன்னொன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல. ஸ்கிரீன் அதே பெருக்கல்தான், ஆனால் இரண்டு லேயரையும் நெகட்டிவாக மாற்றிப் பெருக்கி, விடையைத் திரும்ப பாசிட்டிவாக்குவது. அதனால் எல்லாம் தலைகீழ்: வெளிச்சமாக மட்டுமே ஆக்கும், மேலே கறுப்பு இருந்தால் ஒன்றும் நடக்காது. ஓவர்லே தனியாக ஒரு கணக்கு இல்லை. கீழே இருட்டாக இருக்கும் இடத்தில் மல்டிப்ளையும், வெளிச்சமாக இருக்கும் இடத்தில் ஸ்கிரீனும் செய்கிறது. மேலே நடுச் சாம்பல், அதாவது 128 இருந்தால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வது கீழ் லேயர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், டெக்ஸ்ச்சருக்கு வரும்போது அது வேண்டும்.

சரி, நிழலுக்கு வருவோம். ஏன் மல்டிப்ளை என்றால், நிழல் என்பது தரையில் ஒட்டிய கறுப்புச் சாயம் இல்லை. நேராக வரும் வெளிச்சத்தை ஒரு பொருள் மறைத்துவிட்டது. சுற்றுப்புறத்திலிருந்து சிதறி வரும் மீதி வெளிச்சம் மட்டும் அங்கே விழுகிறது. முன்பு விழுந்த வெளிச்சத்தில் பாதிதான் இப்போது விழுகிறது என்றால், அந்தச் சுவர் எந்த நிறமாக இருந்தாலும் அது திருப்பி அனுப்புவதும் பாதியாகக் குறையும். இது பெருக்கல் கணக்கேதான். இன்னொரு வசதியும் உண்டு. திரைக்காகச் சேமித்த பிக்சல் எண்கள் உண்மையான ஒளியளவுக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை, காமா என்ற வளைவு ஒன்று நடுவில் இருக்கிறது. பெருக்கலை இந்த வளைவு அநேகமாகக் கெடுப்பதில்லை. வளைத்துவிட்டுப் பெருக்கினாலும், பெருக்கிவிட்டு வளைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே விடை. மல்டிப்ளையில் போட்ட நிழல் கண்ணுக்கு இயல்பாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் பலர் கவனிக்காத ஒன்று: நிழலுக்கு நீங்கள் சுத்தக் கறுப்பை எடுத்து ஓபாசிட்டியைக் குறைத்தால், மல்டிப்ளையும் நார்மலும் ஒன்றேதான். கறுப்பை எதோடு பெருக்கினாலும் கறுப்பு. அதை 40 சதவீதம் கலந்தால் கீழே இருந்ததில் 60 சதவீதம் மிஞ்சும், நார்மலிலும் அதே 60 சதவீதம்தான் மிஞ்சும். ஒரு எண்கூட மாறாது. மோடை மாற்றி மாற்றிப் பார்த்து "மல்டிப்ளையில் நன்றாக இருக்கிறது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கறுப்பு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு. வித்தியாசம் தொடங்குவது நிழலுக்கு ஒரு நிறம் கொடுக்கும்போதுதான்.

நிறம் கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் நிழல் உயிரில்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுவே. சந்தன நிறத்தின் மேல் நடுச் சாம்பலை மல்டிப்ளை செய்தால் (125, 120, 113) வருகிறது. மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கண் அதைச் சாம்பல் என்றுதான் படிக்கும். சந்தன நிறத்திலேயே நிறம் குறைவு, அதைச் சாம்பலால் பெருக்கினால் அந்தக் குறைந்த நிறமும் இருட்டில் தெரியாமல் போகிறது. அதே இடத்தில் (150, 120, 105) என்ற பழுப்பை மல்டிப்ளை செய்யுங்கள். (147, 113, 93) வரும். இப்போது அது வெதுவெதுப்பான அறைக்குள் விழுந்த நிழல் மாதிரி இருக்கும். வெட்டவெளியில் வெயிலில் எடுத்த படமாக இருந்தால் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அங்கே நிழலுக்குள் விழும் மீதி வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, அதனால் (120, 130, 150) போல நீலம் தட்டிய நிறம் பொருந்தும். செங்கல் நிறத்தின் மேல் அது (94, 61, 47) ஆகும். எவ்வளவு பழுப்பு, எவ்வளவு நீலம் என்பது கணக்கு இல்லை, உங்கள் கண். மேலே சொன்ன எண்களைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறமுள்ள நிழலை நார்மலில் போட்டால் என்ன ஆகும்? பட்டையின் மேல் (30, 25, 20) என்று கிட்டத்தட்டக் கறுப்பில் ஓர் எழுத்து இருக்கிறது, நிழல் அதன் மேலும் விழுகிறது என்று வையுங்கள். அந்த நீல நிழலை நார்மலில் 60 சதவீதம் போட்டால் எழுத்து (84, 88, 98) ஆகிவிடும். நிழல் விழுந்த இடம் முன்பைவிட வெளிச்சமாகிறது! புகை படிந்தது போல இருக்கும். மல்டிப்ளையில் இது நடக்கவே முடியாது. நிழல் ஓர் இருட்டான பொருளைக் கடக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே மூட்டம் தெரிந்தால் லேயர் நார்மலில் இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் நிழலைச் சுற்றித் தெரியும் கட்டம் இதிலெல்லாம் சேராது. கடைக்காரர் வெள்ளைத் துணி முன்னால் வைத்து எடுத்த படத்தை அப்படியே மல்டிப்ளையில் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது நல்ல வழிதான், ஏனென்றால் உண்மையான நிழல் அந்தப் படத்திலேயே இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் துணி ஃபைலில் 240 ஆக இருக்கும். 240ஐ 255ஆல் வகுத்தால் 0.94. அதாவது படம் பரவியிருக்கும் செவ்வகம் முழுவதையும் 6 சதவீதம் இருட்டாக்குகிறீர்கள். அந்த விளிம்புதான் தெரிகிறது. அந்த லேயரை முதலில் டீசாச்சுரேட் செய்யுங்கள், துணியின் நிறம் வேண்டாம். பிறகு `Ctrl+L` அழுத்தி லெவல்ஸைத் திறந்து, வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் இழுத்துத் துணி 255 ஆகும்வரை கொண்டுபோங்கள். ஆகிவிட்டதா என்று கண்ணை நம்ப வேண்டாம். மேலே தற்காலிகமாக ஒரு Threshold அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, மதிப்பை 255 ஆக்கி, இந்த லேயரை மட்டும் தனியாகப் பாருங்கள். சுத்த வெள்ளை மட்டும் வெள்ளையாகத் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. விளிம்பு நெடுகிலும் வெள்ளையாக இருந்தால் கட்டம் போய்விட்டது. ஒரு மூலை மட்டும் பிடிவாதமாகக் கறுப்பாக இருந்தால் அங்கே வெள்ளை பிரஷ்ஷால் பூசிவிடுங்கள். லெவல்ஸை இன்னும் இழுத்தால் நிழலின் மெல்லிய ஓரமும் அழிந்துபோகும்.

இந்த லேயரில் விளக்கும் மல்டிப்ளையில்தான் இருக்கிறது, அதனால் பின்னால் உள்ளது அதன் வழியாகத் தெரியும். ஆகவே லேயரை டீசாச்சுரேட் செய்வதற்கு முன்பே ஒரு நகல் எடுத்து வைத்து, அதில் விளக்கை மட்டும் மாஸ்க் செய்து நார்மலில் மேலே வையுங்கள். கீழ் நகல் நிழலுக்கு, மேல் நகல் விளக்குக்கு. நிழலுக்கு நிறம் வேண்டுமென்றால் கீழ் நகலின் மேல் ஒரு Gradient Map போட்டு, ஆல்ட் அழுத்தி அதோடு கிளிப் செய்து, கறுப்புப் பக்கத்துக்கு அடர் பழுப்பும் வெள்ளைப் பக்கத்துக்குச் சுத்த வெள்ளையும் கொடுத்தால் போதும்.

கையால் நிழல் வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே வெளிச்சத்தில் இரண்டு பொருட்களின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அந்த இடம் இரட்டிப்பு இருட்டாகாது. மறைத்த வெளிச்சத்தை இன்னொரு முறை மறைக்க முடியாது. ஆனால் இரண்டு மல்டிப்ளை லேயர்கள் அதைத்தான் செய்யும். எல்லா நிழல்களையும் ஒரே குரூப்பில் போட்டு, உள்ளே நார்மலில், முழு ஓபாசிட்டியில், ஒரே நிறத்தில் வரைந்து, குரூப்பை மட்டும் மல்டிப்ளை ஆக்குங்கள். அடர்த்தியைக் குரூப்பின் ஓபாசிட்டியில் சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது சுடர். ஒளி ஒளியோடு சேர்கிறது, அதனால் கூட்டல்தான் சரியான கணக்கு. ஸ்கிரீன் கூட்டல் இல்லை, கூட்டலுக்கு ஒரு நல்ல மாற்று. நேர் கூட்டல் வேண்டுமென்றால் Linear Dodge (Add) இருக்கிறது. ஆனால் சாதாரண ஃபைலில் அது 255ஐத் தொட்டதும் முட்டி நின்றுவிடும். சுடர் நிறம் (255, 150, 50) என்று எடுத்து, செங்கல் பட்டையின் மேல் இரண்டையும் போட்டுப் பார்ப்போம். ஸ்கிரீனில் (255, 199, 114) வருகிறது, பார்க்க இதமான ஆரஞ்சு. கூட்டினால் பச்சை சேனல் 270க்குப் போகப் பார்த்து 255இல் நிற்கிறது. விடை (255, 255, 130), எலுமிச்சை மஞ்சள். தீப ஒளி பச்சை தட்டிய மஞ்சளாக மாறினால் காரணம் இந்த முட்டல்தான். ஸ்கிரீன் 255ஐ நெருங்க நெருங்க மெதுவாகும், அதனால் நிறம் இப்படித் தடம் புரளாது. 32 பிட்டில் வேலை செய்யும் அனிமேஷன், விஎஃப்எக்ஸ் ஆட்கள் கூட்டலையே விரும்புவார்கள், அங்கே 255 என்ற சுவரே இல்லை. போஸ்டருக்கு ஸ்கிரீன் போதும்.

அப்படியானால் உங்கள் ஒளி ஏன் தெரியவில்லை? அதே சுடர் நிறத்தைச் சந்தன நிறத்தின் மேல் ஸ்கிரீன் செய்தால் (255, 249, 231) வருகிறது. முன்பு இருந்தது (250, 240, 225). ஏறுவதற்கு அங்கே இடமே இல்லை. ஓபாசிட்டி நூறு என்றாலும், லேயரை நகலெடுத்து இரண்டாக்கினாலும், இன்னும் கொஞ்சம் வெள்ளையாகுமே தவிர ஒளிராது. இதற்கு வேறு மோட் தேடி அலைய வேண்டாம். பகலில் விளக்கேற்றி வைத்துவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று சொல்லக்கூடாது. முதலில் அறையை இருட்டாக்க வேண்டும். பேக்கிரவுண்டின் மேல், விளக்குக்குக் கீழே, (120, 60, 40) போன்ற அடர் செம்பழுப்பை மல்டிப்ளையில் போடுங்கள். சந்தனம் (118, 56, 35) ஆகும். அதன் மேல் அதே சுடர் நிறத்தை ஸ்கிரீன் செய்தால் (255, 173, 78). இப்போது சுடர் எரிகிறது. போஸ்டர் முழுவதும் இருட்டாக வேண்டாமென்றால் அந்த மல்டிப்ளை லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, விளக்கைச் சுற்றி ஒரு பெரிய நீள்வட்டத்தில் மட்டும் இருட்டை வைத்து, ஓரத்தை நன்றாக மங்கவிடுங்கள். வாடிக்கையாளர் சந்தன நிறம் மாறவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால், ஒளியை விட்டுவிடுவது நல்லது. வெள்ளைச் சுவரில் தீப ஒளியைக் காட்ட எந்த மோடாலும் முடியாது.

ஒளியை ஒரே வட்டமாகப் போடாதீர்கள். திரிக்கு அருகே சிறியதாக வெளிர் மஞ்சள் (255, 235, 170), அதைவிடப் பெரியதாக ஆரஞ்சு (255, 150, 50), எல்லாவற்றுக்கும் வெளியே மிகப் பெரியதாக மங்கிய சிவப்புப் பழுப்பு (160, 50, 15). மூன்றும் தனித்தனி ஸ்கிரீன் லேயர்கள். வெளி வட்டம் மிக மெதுவாக மங்குவதால் 8 பிட்டில் வளையம் வளையமாகப் படிகள் தெரியலாம். ஃபைலை 16 பிட்டுக்கு மாற்றுங்கள், அல்லது கடைசியில் மிக லேசாக Add Noise போடுங்கள். ரெடிமேடாகக் கிடைக்கும் சுடர்ப் படங்களைக் கறுப்புப் பின்னணியோடு ஸ்கிரீனில் போடும்போது பழைய கட்டப் பிரச்சினை தலைகீழாக வரும். அந்தக் கறுப்பு 0 ஆக இல்லாமல் 12 ஆக இருந்தால், கீழே 40 இருந்த இடம் 50 ஆகிவிடும். பேக்கிரவுண்டின் வெளிச்சமான பகுதியில் தெரியாது, இருட்டான பகுதியில் மட்டும் செவ்வகம் தெரியும். இங்கே லெவல்ஸில் கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் இழுக்க வேண்டும்.

ஸ்கிரீனால் முடியாத ஒன்றும் இருக்கிறது. அது கீழே உள்ள கறுப்பையும் தூக்கிவிடும். காற்றிலோ லென்ஸிலோ பரவும் ஒளிவட்டத்துக்கு அது சரி, உண்மையிலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் சுடரின் வெளிச்சம் விளக்கின் தண்டின் மேல் விழுவது வேறு விஷயம். அங்கே பித்தளையின் வேலைப்பாட்டில் உள்ள கறுத்த இடுக்குகள் கறுப்பாகவே இருக்க வேண்டும், மேடுகள் மட்டும் மினுங்க வேண்டும். ஸ்கிரீனில் போட்டால் இடுக்குகளில் ஆரஞ்சு பால் ஊற்றியது போல ஆகிவிடும். அந்த இடத்துக்கு Color Dodge பொருந்தும், அதில் சுத்தக் கறுப்பு அசையாது. அதைச் சுத்த ஆரஞ்சில் போடாதீர்கள், சீக்கிரம் எரிந்துபோகும். அடர் பழுப்பில் மெல்லிய பிரஷ்ஷால் போட்டு, ஓபாசிட்டிக்குப் பதில் Fill மதிப்பைக் குறைத்துப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் Color Dodge உள்ளிட்ட எட்டு மோடுகளுக்கு இந்த இரண்டும் வேறு வேறு விளைவு தரும், Fill பெரும்பாலும் மென்மையாக இருக்கும். மல்டிப்ளை, ஸ்கிரீன், ஓவர்லேக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

டெக்ஸ்ச்சரில் உங்கள் சிக்கலை இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஓவர்லே கீழ் லேயரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. கீழே சுத்த வெள்ளை என்றால் மேலே என்ன இருந்தாலும் விடை வெள்ளை, கறுப்பு என்றால் கறுப்பு. நடுச் சாம்பல் மதிப்புகளில்தான் டெக்ஸ்ச்சர் முழு பலத்தோடு இறங்கும். 108க்கும் 148க்கும் இடையே ஏறி இறங்கும் ஒரு பேப்பர் டெக்ஸ்ச்சரை எடுத்துக்கொள்வோம், அதாவது 128க்கு இருபுறமும் 20. செங்கல் பட்டையின் பச்சை சேனலில் (120) அந்த 20 கிட்டத்தட்ட 19 ஆகவே இறங்குகிறது. சந்தன நிறத்தின் சிவப்பு சேனலில் (250) அது 1ஐக்கூடத் தொடவில்லை. பச்சையில் 2 சொச்சம், நீலத்தில் 5க்குக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் பட்டையில் தெரிகிறது, மேலே தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சந்தனப் பகுதியில் மிஞ்சியிருக்கும் அந்த லேசான டெக்ஸ்ச்சர் நீல சேனலில்தான் அதிகம் இருக்கிறது. நீலம் குறையும் இடம் மஞ்சளாகத் தெரியும். பேப்பர் இழைக்குப் பதிலாக மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தால் பேப்பர் படத்தில் குறை தேட வேண்டாம்.

வெளிச்சமான பகுதிக்கு மல்டிப்ளைதான் வழி. அதே பேப்பர் படத்தை நகலெடுத்து, டீசாச்சுரேட் செய்து, லெவல்ஸில் பேப்பரின் பொதுவான பரப்பு 255 ஆகவும் இழைகள் 225 அளவிலும் வரும்படி சரிசெய்து மல்டிப்ளையில் போடுங்கள். சந்தனத்தின் சிவப்பு சேனல் 250க்கும் 220க்கும் இடையே ஏறி இறங்கும், மற்ற இரண்டும் அதே விகிதத்தில் அசையும், அதனால் மஞ்சள் திட்டு வராது. வெள்ளை எழுத்துகளிலும் இழை தெரியும். பட்டைக்கு ஓவர்லே நகல், மேற்பகுதிக்கு மல்டிப்ளை நகல், இரண்டுக்கும் எதிரெதிர் மாஸ்க். ஒரே பேப்பரில் அச்சானது போல இருக்க, இரண்டு நகல்களையும் நகர்த்தாமல் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். தூசி, கீறல் போன்ற வெள்ளைக் குறிகளை இருட்டான பேக்கிரவுண்டில் காட்ட வேண்டுமென்றால் ஸ்கிரீன். நீங்கள் இருட்டாக்கப் போகும் அந்த விளக்குப் பின்னணியில் ஓவர்லேயே போதும் என்று நினைக்கிறேன். (118, 56, 35) என்பதில் சிவப்பு சேனல் நடுவில் இருக்கிறது, அங்கே டெக்ஸ்ச்சர் நன்றாகவே இறங்கும்.

ஓவர்லேக்குப் போகும் நகலை ஒரு முறை தயார் செய்ய வேண்டும். ஃபோனில் எடுத்த பேப்பர் படத்தின் சராசரி 128 ஆக இருக்காது, வெள்ளைப் பேப்பர் என்றால் 200க்கு மேலேயே இருக்கும். அதை நேராக ஓவர்லே செய்தால் டெக்ஸ்ச்சரோடு சேர்த்துப் பட்டையே வெளுத்துவிடும். ஒரு மூலையில் ஜன்னல் வெளிச்சம் அதிகமாக விழுந்திருந்தால் அதுவும் வந்து ஒட்டிக்கொள்ளும். Filter > Other > High Pass இரண்டையும் ஒரே தடவையில் தீர்க்கும். அது பெரிய அளவிலான வெளிச்ச ஏற்ற இறக்கத்தை நீக்கிவிட்டு, இழைகளை மட்டும் நடுச் சாம்பலின் மேல் விட்டுவைக்கும். அதன் ரேடியஸ் இழையின் தடிமனைவிடச் சில மடங்கு பெரியதாக இருக்க வேண்டும், ரொம்பச் சிறியதாக வைத்தால் விளிம்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும். பிறகு லேயரை ஆன் ஆஃப் செய்து பாருங்கள். பட்டையின் பொதுவான வெளிச்சம் மாறாமல் இழை மட்டும் வந்து போனால் சரியாகத் தயாராகியிருக்கிறது.

ஓவர்லேயா, சாஃப்ட் லைட்டா என்பது பெரும்பாலும் ருசி. ஓவர்லே காண்ட்ராஸ்ட்டையும் நிறத்தையும் ஏற்றிவிடும், சாஃப்ட் லைட் அடங்கி இருக்கும். முகம் இருக்கும் படங்களில் நான் சாஃப்ட் லைட் பக்கம்தான் போவேன், பட்டை போன்ற தட்டையான நிறத்துக்கு ஓவர்லே. ஆனால் சாஃப்ட் லைட்டின் கணக்கு எல்லா மென்பொருளிலும் ஒன்றல்ல. கிரீட்டாவில் ஃபோட்டோஷாப் வகை, எஸ்விஜி வகை என்று இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். பழைய ஜிம்ப் 2.8இல் ஓவர்லே என்று போட்டால் சாஃப்ட் லைட்தான் கிடைக்கும், அது அவர்களே ஒத்துக்கொண்ட பிழை. பழைய ஜிம்ப் பாடத்தைப் பார்த்து ஃபோட்டோஷாப்பில் செய்தால் டெக்ஸ்ச்சர் முரட்டுத்தனமாகத் தெரிவதற்கு இது காரணமாக இருக்கலாம். மல்டிப்ளையும் ஸ்கிரீனும் இந்தக் குழப்பத்தில் இல்லை.

லேயர்களின் வரிசை, கீழிருந்து மேலாக: பேக்கிரவுண்டும் பட்டையும், அதன் மேல் இருட்டாக்கும் மல்டிப்ளை, பேப்பர் டெக்ஸ்ச்சர்கள், நிழல், நார்மலில் விளக்கு, விளக்கின் மேல் கிளிப் செய்த Color Dodge, எல்லாவற்றுக்கும் மேலே ஸ்கிரீன் ஒளி. டெக்ஸ்ச்சரை ஒளிக்கு மேலே வைத்தால் ஒளிவட்டத்திலும் பேப்பர் இழை வரும், சுவரொட்டியின் படத்தைத் திரும்பப் படமெடுத்தது போல இருக்கும். பழைய அச்சுப் போஸ்டர் சாயல்தான் வேண்டுமென்றால் வேண்டுமென்றே அப்படிச் செய்யலாம்.

அச்சுக்குப் போகும் முன் ஒன்று. லேயர்களோடு இருக்கும் ஆர்ஜிபி ஃபைலை அப்படியே சிஎம்ஒய்கேவாக மாற்றினால் இதே கணக்குகள் நான்கு மை அளவுகளின் மேல் புதிதாக நடக்கும், நிழலும் ஒளியும் வேறு மாதிரி ஆகும். மாற்றும்போது ஃபோட்டோஷாப்பே ஃப்ளாட்டன் செய்யவா என்று கேட்கும். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, செய் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சுடரின் ஆரஞ்சு மையில் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அது மையின் எல்லை, மோடின் தவறு இல்லை.

அப்புறம், கடைக்காரர் விளக்கை மட்டும் தனி பிஎன்ஜியாகக் கேட்டால் கவனம். பிஎன்ஜி ஃபைலில் ப்ளெண்ட் மோட் என்ற தகவலே போகாது, எல்லாம் நார்மலாகிவிடும். கறுப்பு நிழலுக்குப் பாதிப்பில்லை, மேலே சொன்ன அதே காரணத்தால். நிறமுள்ள நிழல் இருட்டான இடங்களில் மூட்டமாகும், ஒளியோ ஆரஞ்சுப் பஞ்சு ஒட்டியது போல ஆகிவிடும். ஒளியைக் கறுப்புப் பின்னணியில் தனிப் படமாகக் கொடுத்து, இணையதளம் செய்பவரிடம் அந்தப் படத்துக்கு இந்த ஒரு வரியைப் போடச் சொல்லுங்கள்:

```css
mix-blend-mode: screen;
```

அவருடைய பேக்கிரவுண்ட் வெள்ளை என்றால் இந்த வரியாலும் பயனில்லை. படம் வைக்கும் கட்டத்துக்கு அடர் நிறம் கொடுக்கச் சொல்லுங்கள்.